ஏழா, மூன்றா, ஐந்தா?

1990களின் நடுவில் விற்பனைக்கு வந்த இன்டெல் 486 டிஎக்ஸ்4 பிராசசர்களில் இரண்டு வகை உண்டு. சிலவற்றின் மேற்பரப்பில் `&E` என்று பொறித்திருக்கும், சிலவற்றில் `&EW` என்று இருக்கும். வேகம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் கேஷ் நினைவகத்தின் அளவும் இரண்டிலும் அதே 16 கிலோபைட்தான். ஆனாலும் பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிப்பவர்கள் அந்த ஒற்றை W எழுத்து இருக்கிறதா என்று சிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். எழுதச் சொன்னதை ராம் நினைவகத்துக்கு உடனே அனுப்புவதா, கையில் வைத்துக்கொண்டு பிறகு அனுப்புவதா என்ற ஒரே ஒரு விஷயத்தில்தான் அந்த W வேறுபடுகிறது.

முதல் 486 வந்தது 1989இல். அதன் வயிற்றுக்குள்ளேயே 8 கிலோபைட் கேஷ் இருந்தது. பிராசசர் எதை எழுதினாலும் அது அந்தக் கணமே மதர்போர்டைத் தாண்டி ராமுக்கும் போகும். இந்த முறைக்கு ரைட் த்ரூ என்று பெயர். அப்போது அது பெரிய சுமையாகத் தெரியவில்லை. சிப்புக்குள்ளே 25 மெகாஹெர்ட்ஸ், வெளியே மதர்போர்டிலும் அதே 25 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டும் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 1992இல் டிஎக்ஸ்2 வந்ததும் தாளம் பிரிந்தது. உள்ளே 66, வெளியே 33. டிஎக்ஸ்4 வந்தபோது உள்ளே 100 ஆகிவிட்டது, வெளியே இன்னும் 33தான். இனி ஒவ்வொரு எழுத்தும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், மூன்று மடங்கு வேகமான பிராசசர் பழைய சாலையின் வேகத்துக்கே காத்துக் கிடக்க வேண்டும். 1993இல் வந்த பென்டியம் தன் டேட்டா கேஷில் ரைட் பேக் முறையைக் கொண்டுவந்தது. 486 வரிசைக்கும் அதே வசதியைப் பின்னால் கொடுத்தார்கள். அதுதான் அந்த W.

இன்றைக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஒரு சாதாரண மேசைக் கணினியில் பிராசசருக்கு மிக அருகில் இருக்கும் முதல் நிலைக் கேஷைத் தொட்டு வர நாலைந்து கடிகாரத் துடிப்பு போதும். ராம் வரை போய் வர 60 முதல் 100 நானோ விநாடி ஆகலாம். 4 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 100 நானோ விநாடி என்பது 400 துடிப்பு. ஆகவே, 'எத்தனை முறை ராமுக்குப் போனாய்?' என்ற கேள்விக்கு விடை கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது நல்லது. பொறியியல் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் படிப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். பலரும் போடும் விதத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இரண்டு முறைகளையும் பார்த்துவிடலாம். பழைய மளிகைக் கடைகளில் சில முதலாளிகள் கடன் விற்பனை நடந்த உடனே பேரேட்டை எடுத்து அந்த ஆளின் பக்கத்தைப் புரட்டி எழுதிவிடுவார்கள். வேறு சிலர் மேசை மேல் கிடக்கும் சிட்டையில் குறித்துக்கொண்டே போய், கடை கட்டும்போது ஆளுக்கு ஒரு மொத்தமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். முதலாவது ரைட் த்ரூ, இரண்டாவது ரைட் பேக். சிட்டைக்காரருக்கு வேலை குறைவு. ஆனால் நடுவில் ஒருவர் வந்து பேரேட்டைப் பார்த்தால் அதில் இருப்பது பழைய கணக்கு.

ரைட் பேக் முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பிட் கூடுதலாக வைத்திருப்பார்கள். டர்ட்டி பிட் என்று சொல்வார்கள். கேஷில் இருக்கும் பிரதி ராமில் இருப்பதிலிருந்து மாறிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அந்தத் துண்டை வெளியேற்றி வேறொன்றை உள்ளே கொண்டுவர வேண்டிய நேரம் வரும்போது, டர்ட்டி பிட் 1 என்றிருந்தால் ராமில் எழுதிவிட்டு வெளியேற்ற வேண்டும். 0 என்றிருந்தால் அப்படியே தூக்கிப் போடலாம், ராமில் நல்ல பிரதி இருக்கிறது.

இனி கணக்கு. நிஜக் கேஷில் ஆயிரக்கணக்கான பைட்டுகள் இருக்கும். தாளில் போட்டுப் பார்க்க அது ஒத்துவராது. எனவே இரண்டே இரண்டு அறைகள் கொண்ட ஒரு குட்டிக் கேஷை எடுத்துக்கொள்வோம். 486இல் இருந்ததைப் போலவே ஒவ்வொரு அறையிலும் 16 பைட் கொண்ட ஒரு பிளாக் அடங்கும். ராமில் 0 முதல் 15 வரையிலான முகவரிகள் பிளாக் 0, 16 முதல் 31 வரை பிளாக் 1, 32 முதல் 47 வரை பிளாக் 2 என்று போகும். இரட்டைப்படை எண் கொண்ட பிளாக் எல்லாம் அறை 0இல்தான் உட்கார முடியும், ஒற்றைப்படை எல்லாம் அறை 1இல். பிராசசர் ஒவ்வொரு முறையும் 4 பைட்டைப் படிக்கும் அல்லது எழுதும். இதோ அது கேட்கும் வரிசை. R என்றால் படி, W என்றால் எழுது, பக்கத்தில் இருப்பது முகவரி.

```
 1  R 0
 2  W 0
 3  W 4
 4  W 0
 5  W 16
 6  W 20
 7  R 32
 8  W 16
 9  R 0
10  W 0
```

ரைட் த்ரூ கணக்கு ஒரு மூச்சில் முடிந்துவிடும். W எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் போதும். 2, 3, 4, 5, 6, 8, 10 ஆகிய வரிகள், ஆக 7. எந்தப் பிளாக் எந்த அறையில் இருந்தது, எது எப்போது வெளியே போனது என்பதெல்லாம் எழுதும் எண்ணிக்கையைத் தொடாது. கேஷ் எவ்வளவு பெரிதானாலும் 7தான், கேஷே இல்லாவிட்டாலும் 7தான். ரைட் த்ரூ கேஷால் படிப்பதற்குத்தான் லாபம், எழுதுவதற்குக் காலணாகூட மிச்சமில்லை.

ரைட் பேக்கில்தான் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர வேண்டும். வரி 1இல் முகவரி 0 கேஷில் இல்லை. ராமிலிருந்து பிளாக் 0 முழுவதும் அறை 0க்கு வருகிறது. படித்தது மட்டும்தான் என்பதால் டர்ட்டி பிட் 0. வரி 2இல் எழுதும்போது பிளாக் கையில் இருக்கிறது, அங்கேயே எழுதி டர்ட்டி பிட்டை 1 ஆக்கிவிடுகிறது. வரி 3, வரி 4 இரண்டும் அதே பிளாக்தான். டர்ட்டி பிட் ஏற்கெனவே 1. ராமுக்கு ஒரு சேதியும் போகவில்லை.

வரி 5இல் முகவரி 16, அதாவது பிளாக் 1. அது கேஷில் இல்லை. இந்த மாதிரி, எழுதப் போகும் இடம் கையில் இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கு இரண்டு வழி உண்டு. இப்போதைக்கு, ரைட் பேக்குடன் வழக்கமாகச் சேர்ந்து வரும் வழியை எடுத்துக்கொள்வோம். பிளாக் 1ஐ முதலில் ராமிலிருந்து அறை 1க்குக் கொண்டுவந்து, அதன் மேல் எழுதி, டர்ட்டி பிட்டை 1 ஆக்குவது. வரி 6 அதே பிளாக்கில் இன்னொரு இடம், கையில் இருக்கிறது, செலவில்லை.

வரி 7தான் இந்தக் கணக்கில் கவனமாகப் பார்க்க வேண்டிய வரி. அது வெறும் R. முகவரி 32, பிளாக் 2, இரட்டைப்படை, ஆகவே அறை 0இல்தான் உட்கார வேண்டும். ஆனால் அங்கே டர்ட்டி பிட்டுடன் பிளாக் 0 இருக்கிறது. அதை ராமில் எழுதாமல் வெளியேற்ற முடியாது. பிராசசர் படிக்கச் சொன்னது, ராமிலோ ஒரு எழுத்து நடக்கிறது. W என்று எழுதியிருக்கும் வரிகளை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில் தவற விடுவார்கள். நிஜ நிரலிலும் இதே கதைதான். வெறுமனே ஒரு பெரிய பட்டியலைப் படித்துக்கொண்டே போகும் ஒரு பகுதி, முன்னால் வேறொரு பகுதி எழுதி வைத்த டர்ட்டி பிளாக்குகளைத் தள்ளிவிட்டு ராமில் எழுத வைக்கும். படிக்கும் வேலைக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று தேடுபவருக்குக் காரணம் அந்த வரியில் அகப்படாது.

ஆக, வரி 7இல் எழுத்து எண்ணிக்கை 1. வரி 8 பிளாக் 1, கையில் இருக்கிறது. வரி 9இல் மறுபடியும் முகவரி 0. சற்று முன்தான் அதை வெளியே அனுப்பினோம், இப்போது திரும்ப வேண்டும். அறை 0இல் இருக்கும் பிளாக் 2ஐ யாரும் மாற்றவில்லை, அதனால் எழுதாமலே தூக்கிப் போட்டுவிட்டு பிளாக் 0ஐக் கொண்டுவரலாம். வரி 10 அதில் எழுதி டர்ட்டி பிட்டை 1 ஆக்குகிறது.

வரிசை முடிந்தது. ராமில் எத்தனை முறை எழுதினோம்? ஒரே ஒரு முறை, வரி 7இல். 7க்கு எதிரே 1! இங்கேதான் நான் சொன்ன ஓட்டை. பேனாவை மூடி வைக்கும் இந்த நேரத்தில் அறை 0இல் பிளாக் 0உம், அறை 1இல் பிளாக் 1உம் டர்ட்டியாகக் கிடக்கின்றன. வரி 5, 6, 8, 10 ஆகிய நான்கு எழுத்துகளும் இன்னும் ராமைப் பார்க்கவே இல்லை. ஒரு முறையின் கடன் அடைந்துவிட்டது, இன்னொரு முறையின் கடன் பாக்கி நிற்கிறது என்றால் இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை. இரண்டு டர்ட்டி பிளாக்கையும் எழுதித் தீர்த்தால் மொத்தம் 3. தேர்வுத் தாளில் 'இறுதியில் கேஷைக் காலி செய்யவும்' என்று இருந்தால் 3, இல்லையென்றால் 1 என்று விடை மாறும். கேள்வியிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும், பல சமயம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த 3 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இனி வரிவரியாக விரல் வைக்காமலே கணக்குப் போடலாம். ஒரு பிளாக் கேஷுக்குள் வந்து, வெளியே போகும் வரை இருக்கும் காலத்தை ஒரு தங்கல் என்று வைத்துக்கொள்வோம். பிளாக் 0இன் முதல் தங்கலில் 3 எழுத்து. பிளாக் 1இன் தங்கலில் 3 எழுத்து. பிளாக் 0இன் இரண்டாம் தங்கலில் 1 எழுத்து. பிளாக் 2இன் தங்கலில் எழுத்தே இல்லை. ரைட் த்ரூ இந்த எழுத்துகளைக் கூட்டுகிறது, 3 + 3 + 1 = 7. ரைட் பேக் எழுத்து நடந்த தங்கல்களை எண்ணுகிறது, அவை 3. ஒரு தங்கலுக்குள் ஒரு முறை எழுதினாலும் ஆயிரம் முறை எழுதினாலும் ரைட் பேக்குக்கு அது ஒன்றுதான். 2, 3, 4 வரிகளை ஒரு சுழற்சிக்குள் போட்டு 100 முறை ஓட விட்டால் ரைட் த்ரூ கணக்கு 304 ஆகிவிடும். ரைட் பேக் அப்போதும் 3தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. டர்ட்டியான ஒவ்வொரு தங்கலிலும் குறைந்தது ஒரு எழுத்தாவது நடந்திருக்க வேண்டும், இல்லையேல் அது டர்ட்டி ஆகியிருக்காது. எனவே எத்தனை பயணம் என்று எண்ணினால், ரைட் பேக் ஒருபோதும் ரைட் த்ரூவைத் தாண்டாது. சமமாகலாம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் வழக்கு முடிந்துவிட்டதா? பயணத்தை எண்ணாமல் சரக்கை எடை போட்டால் தீர்ப்பு தலைகீழாகிவிடுகிறது. ரைட் த்ரூவின் ஒவ்வொரு பயணத்திலும் போவது 4 பைட். 7 பயணத்துக்கு 28 பைட். ரைட் பேக்கிடம் இருப்பதோ ஒரு பிளாக்குக்கு ஒரே ஒரு டர்ட்டி பிட். 16 பைட்டில் எந்த 4 பைட் மாறியது என்று அதற்குத் தெரியாது. அதனால் முழு பிளாக்கையும் அனுப்பும். 3 பயணத்துக்கு 48 பைட். அதே பத்து வரி, அதே கேஷ், பயணத்தில் ரைட் பேக் ஜெயிக்கிறது, பைட்டில் ரைட் த்ரூ ஜெயிக்கிறது. நம் பிளாக்கில் நான்கு நான்கு-பைட் இடங்கள் இருப்பதால், ஒரு தங்கலில் சராசரி 4 எழுத்துக்கு மேல் நடந்தால்தான் ரைட் பேக் பைட்டிலும் லாபம் காட்டும். நம் வரிசையில் சராசரி இரண்டே சொச்சம்.

இரண்டில் எதை நம்புவது என்பது ராம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. 486இன் பஸ் ஒரு தடவைக்கு 4 பைட்தான் சுமக்கும், அதனால் 16 பைட் என்றால் நான்கு தவணை. அங்கே பைட் கணக்குக்கும் மதிப்பு உண்டு. இன்றைய டிடிஆர்4 நினைவகம் அப்படியல்ல. அது ஒரு தடவை கதவைத் திறந்தால் 8 பைட் வீதம் எட்டுத் தவணையாக 64 பைட் ஒரே வீச்சில் போகும். இன்றைய பெரும்பாலான கணினிகளின் கேஷ் பிளாக்கும் சரியாக 64 பைட்தான். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் `getconf LEVEL1_DCACHE_LINESIZE` என்று அடித்து இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். இந்த நினைவகத்துக்கு 4 பைட் மட்டும் அனுப்பினாலும் பொதுவாக அந்த 64 பைட் வீச்சின் நேரம் முழுவதும் போய்விடும், மிச்ச இடம் வெறுமையாகப் போகும். பிழை திருத்தும் வசதி கொண்ட சர்வர் நினைவகத்தில் இன்னும் மோசம். சிறு துண்டை எழுத வேண்டுமானால் முதலில் பழையதைப் படித்து, இதைச் சேர்த்து, திருத்தக் குறியீட்டைப் புதிதாகக் கணக்கிட்டு, பிறகு எழுத வேண்டும். ஆகவே இன்றைய ராமைப் பொறுத்தவரை பயணங்களை எண்ணுவதே நிஜத்துக்கு நெருக்கம், 7க்கு எதிரே 3.

வரி 5இல் ஒரு கேள்வியைத் தள்ளி வைத்தோம். எழுத வேண்டிய பிளாக் கையில் இல்லாதபோது அதைக் கொண்டுவந்து எழுதலாம் என்றோம். அதற்கு ரைட் அலொகேட் என்று பெயர். கொண்டுவராமல் அந்த 4 பைட்டை நேரே ராமுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவது மற்றொரு வழி. பென்டியம் ரைட் பேக் சிப்தான், ஆனாலும் இந்த இரண்டாம் வழியில்தான் போனது. 1995இல் வந்த பென்டியம் புரோ முதல் வழிக்கு மாறியது. நம் வரிசையைப் பென்டியம் வழியில் ஓட்டிப் பார்க்கலாம். பிளாக் 1ஐ யாரும் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை, அதனால் அது கேஷுக்குள் வரவே வராது. வரி 5, 6, 8 மூன்றும் நேரே ராமுக்குப் போகும், 3 பயணம். பிளாக் 0இன் இரண்டு தங்கல்களுக்கு 2 பயணம். மொத்தம் 5. ரைட் பேக் என்று பெயர் ஒன்றுதான், விடை 3 என்றும் சொல்லலாம், 5 என்றும் சொல்லலாம். ரைட் த்ரூ மட்டும் எந்த வழியில் போனாலும் 7.

கொண்டுவந்து எழுதுவது எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. 0, 16, 32, 48 என்று எட்டு பிளாக்கில் ஆளுக்கு ஒரு எழுத்து எழுதிவிட்டுத் திரும்பியே பார்க்காத ஒரு நிரலை நினைத்துப் பாருங்கள். ரைட் த்ரூவுக்கு 8 எழுத்து, அதோடு சரி. ரைட் பேக்கும் கடைசியில் 8 முறைதான் எழுதும், நடுவில் 6, முடிவில் 2. ஆனால் எழுதும் முன் 8 பிளாக்கையும் ராமிலிருந்து படித்துக் கொண்டுவந்திருக்கும், யாரும் பார்க்காத பழைய சரக்கை. 16 பயணம். பெரிய படத்தை நினைவகத்தில் வெள்ளை அடிப்பது, பெரிய கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுப்பது போன்ற வேலைகள் இந்த ரகம்தான். இதற்காகவே பிராசசர்களில் கேஷைத் தொடாமல் நேரே ராமுக்கு எழுதும் கட்டளைகள் தனியாக இருக்கின்றன. x86இல் `MOVNTI`, `MOVNTDQ` போன்றவை அவை.

இவ்வளவுக்குப் பிறகும் ரைட் த்ரூ ஒழிந்துபோகவில்லை. 2000இல் வந்த பென்டியம் 4இன் முதல் நிலை டேட்டா கேஷ் ரைட் த்ரூதான். 2011இல் ஏஎம்டி கொண்டுவந்த புல்டோசர் சிப்பிலும் அப்படியே. ஐபிஎம்மின் பவர் வரிசையிலும் அந்த வழக்கம் உண்டு. ஆனால் இவற்றில் ஒரு எழுத்து ராம் வரை போவதில்லை. அடுத்த நிலைக் கேஷ் வரை போகும், அங்கே இருப்பது ரைட் பேக். முதல் நிலையில் மாற்றம் எதுவும் தேங்கி நிற்காது என்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கேஷில் ஒரு பிட் தானாகப் புரண்டுபோனால், புரண்டது தெரிந்தால் போதும், அந்தப் பிரதியை எறிந்துவிட்டு கீழே இருக்கும் நல்ல பிரதியைக் கொண்டுவந்துவிடலாம். டர்ட்டி பிளாக்கில் பிட் புரண்டால் உலகத்தில் வேறெங்கும் அதன் சரியான பிரதி கிடையாது. அதைத் திருத்தவே ஒரு ஏற்பாடு வேண்டும், அதற்குக் கூடுதல் பிட்டும் நேரமும் வேண்டும்.

ரைட் த்ரூ சிப்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று காத்திருப்பதும் இல்லை. 486இல் நான்கு எழுத்துகள் வரிசையில் நிற்க ஒரு சிறு இடம் இருந்தது. பிராசசர் அங்கே போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். வரிசை நிறைந்தால்தான் நிற்க வேண்டும். நம் பத்து வரியில் அடுத்தடுத்து வரும் எழுத்துகள் அதிகபட்சம் ஐந்து. 25 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஏன் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை என்பது இதில் விளங்கும்.

ரைட் பேக்கின் நிஜமான தலைவலி, பேரேட்டைப் பார்க்க வரும் மூன்றாம் ஆள். கணினியில் பிராசசர் மட்டும் ராமைப் படிப்பதில்லை. டிஸ்க், நெட்வொர்க் அட்டை, ஒலி அட்டை எல்லாம் பிராசசரைக் கேட்காமல் நேரே ராமிலிருந்து எடுத்துக்கொள்ளும். டிஎம்ஏ என்பது அதன் பெயர். நம் வரிசையில் வரி 8 முடிந்ததும் நெட்வொர்க் அட்டை வந்து முகவரி 16ஐப் படித்தால் அதற்குக் கிடைப்பது வரி 5க்கு முந்தைய பழைய தகவல். இதனால்தான் `&EW` சிப்பைச் செருகினால் மட்டும் போதாது, மதர்போர்டும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். டிஎம்ஏ படிக்க வரும்போது மதர்போர்டு பிராசசரிடம் 'உன்னிடம் டர்ட்டியாக ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்டு, இருந்தால் முதலில் அதை எழுத வைக்க வேண்டும். இன்றைய மேசைக் கணினிகளில் இது தானாக நடக்கிறது. சிறு கருவிகளில் இருக்கும் ஏஆர்எம் சிப்கள் பலவற்றில் தானாக நடப்பதில்லை, டிரைவர் எழுதுபவர்தான் அனுப்பும் முன் கேஷைக் காலி செய்ய வேண்டும். மறந்தால் வரும் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. அனுப்பிய தகவலில் கெட்டுப்போன பகுதி சரியாக 32 அல்லது 64 பைட் நீளத்துக்கு, அதே எல்லையில் தொடங்கி அதே எல்லையில் முடியும். அச்சிட்டுப் பார்க்கலாம் என்று நடுவில் ஒரு வரி சேர்த்தால், அந்த வரியே டர்ட்டி பிளாக்கை வெளியே தள்ளிவிட்டு, பிழை மாயமாகிவிடும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றும். பிராசசர் கேஷைப் பொறுத்தவரை கவலையில்லை, ராமும் சேர்ந்தே அழிந்துவிடுகிறது. கவலை, கீழே இருப்பது அழியாத சாதனமாக இருக்கும்போதுதான். ராமையே டிஸ்க்குக்குக் கேஷாக வைத்துக்கொள்கிறது லினக்ஸ், அதுவும் ரைட் பேக் முறையில். ஒரு பெரிய சினிமாக் கோப்பைப் பென்டிரைவுக்கு நகலெடுத்தால் நூறு சதவீதம் முடிந்துவிட்டது என்று திரையில் வந்துவிடும், பென்டிரைவின் விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருக்கும். அப்போது டெர்மினலில் இதை அடித்துப் பாருங்கள்.

```
grep Dirty /proc/meminfo
```

இன்னும் எழுதாமல் பாக்கி நிற்கும் அளவு கிலோபைட்டில் வரும். திரும்பத் திரும்ப அடித்தால் அது இறங்கிக்கொண்டே வருவது தெரியும். சாதாரண அமைப்பில் 30 விநாடிக்கு மேல் பழசான டர்ட்டிப் பக்கங்களை லினக்ஸ் தானே எழுதத் தொடங்கும். காத்திருக்க மனமில்லையென்றால் `sync` என்று அடிக்கலாம். நம் பத்து வரிக் கணக்கில் கடைசியாகச் சேர்த்த அந்த இரண்டு எழுத்துகளின் வேலையைத்தான் அது செய்கிறது, அது முடிந்த பிறகே கர்சர் திரும்பும்.

மைக்ரோசாப்ட் இந்த விஷயத்தில் எதிர்த் திசையில் போனது. பென்டிரைவைச் சொல்லாமல் பிடுங்குபவர்களை மாற்ற முடியாது என்று முடிவுக்கு வந்தார்களோ என்னவோ, 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல், வெளியே செருகும் யுஎஸ்பி சாதனங்களுக்கு எழுத்தைத் தேக்கி வைக்காத அமைப்பையே இயல்பானதாக்கிவிட்டார்கள். பிடுங்கும்முன் பாதுகாப்பாக எடுக்கும் பொத்தானை அழுத்த வேண்டிய அவசியம் அதில் குறைவு. வேகம்தான் முக்கியம் என்பவர்கள் சாதனத்தின் அமைப்புகளுக்குள் போய்ப் பழைய முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியவர்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.